அபார்ட்மெண்டில் சேர்ந்து அரிசி, எண்ணெய் வாங்குவது: ஒரு வீட்டுக்கு உண்மையில் என்ன விலை விழுகிறது?

கோவையில் 48 வீடுகள் உள்ள ஒரு அடுக்ககத்தில் மூன்று வருடமாக இந்தக் கணக்கை எழுதி வருகிறேன். அரிசி பெரும்பாலும் காங்கேயத்திலிருந்து வரும். சில மாதங்களில் ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடையிலிருந்தும் வாங்கியிருக்கிறோம். புதிதாகக் குடிவருகிறவர்களும், பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன். கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் எங்கள் நோட்டிலிருந்து எடுத்து, சில்லறையைத் தட்டிவிட்டது. இன்றைய விலை வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

மில்லுல நேரா வாங்குனா கம்மியா வருமுங்களா?

மில் சொல்லும் விலை கம்மிதான். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது அது கம்மியாக இருக்குமா என்பது மூட்டை எண்ணிக்கையைப் பொறுத்தது.

ஒரு மாதக் கணக்கைப் பார்ப்போம். எங்கள் தெருக்கடையில் 26 கிலோ பொன்னி மூட்டை 1,690 ரூபாய். போன் செய்தால் பையன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடுவான். மில்லில் மூன்று விலை சொன்னார்கள்: 10 மூட்டைக்குக் கீழே என்றால் 1,600, பத்திலிருந்து 24 வரை 1,540, இருபத்தைந்தும் அதற்கு மேலும் 1,500. பார்த்தவுடனே எல்லோரும், மூட்டைக்கு 190 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்த மாதம் 19 வீடுகள் சேர்ந்து 27 மூட்டை எடுத்தோம். அரிசிக்கு 40,500. காங்கேயத்திலிருந்து வந்துபோக குட்டியானை வாடகை 2,430. மில்லில் ஏத்துக்கூலி மூட்டைக்குப் பத்து ரூபாய், அது 270. இங்கே இறக்கி லிப்ட் வரை கொண்டுவர மூட்டைக்குப் பதினைந்து, அது 405. கூட்டினால் 43,605. இருபத்தேழால் வகுத்தால் மூட்டை 1,615 ரூபாய். கடை விலையோடு வித்தியாசம் 75 ரூபாய்தான், 190 இல்லை. கிலோவுக்கு மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

இது மோசமில்லை. மாதம் இரண்டு மூட்டை எடுக்கும் கூட்டுக்குடும்பத்துக்கு 150 ரூபாய் மிச்சம். ஆனால் முதலிலேயே இந்த 75 ரூபாயைச் சொல்லித்தான் ஆள் சேர்க்க வேண்டும். 190 என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, சரக்கு வந்தபிறகு வண்டி வாடகை, கூலி என்று வசூலிக்கப் போனால் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள். எங்கள் முதல் மாதத்தில் நான் செய்தது அதைத்தான்.

நாலு பேர் கடைசி நேரத்துல வேண்டாம்னுட்டா என்ன பண்றதுங்க?

இதில் நொடித்துப்போகும் இடமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே சொன்ன அதே மாதத்தில் நான்கு மூட்டை குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 23 மூட்டை. இருபத்தைந்துக்குக் கீழே போனதால் மில் விலை 1,540. அரிசிக்கு 35,420. வண்டி வாடகையில் ஒரு ரூபாயும் குறையாது, அதே 2,430. ஏத்துக்கூலி 230, இறக்குக்கூலி 345. மொத்தம் 38,425. மூட்டைக்கு ஏறக்குறைய 1,671. கடை விலையைவிட 19 ரூபாய்தான் குறைவு. அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே நின்று மூட்டை எண்ண வேண்டும்.

அதாவது விலகிய நான்கு மூட்டையின் பாரம் மீதி 23 மூட்டையின் தலையில் ஆளுக்கொரு 56 ரூபாயாக ஏறுகிறது. விலகியவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதனால்தான் வாட்ஸ்அப்பில் கை தூக்குவதை நாங்கள் ஆர்டராகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை 34 பேர் 'வேணும்' என்று போட்டார்கள், பணம் போட்டவர்கள் 19 வீடு. இப்போது எங்கள் முறை இப்படி: வியாழன் இரவு எட்டு மணிக்குள் பணம் வந்த மூட்டைதான் மூட்டை. எட்டரைக்கு எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கைக்கு உண்டான வாசல் விலையைக் குழுவில் போடுவோம். அந்த விலை பிடிக்காவிட்டால் ஒன்பதரைக்குள் யார் வேண்டுமானாலும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விலகினால் மூட்டையை அவர்களே வேறு யாருக்காவது மாற்றிவிட வேண்டும், நாங்கள் பணம் தரமாட்டோம்.

பணம் வாங்கும்போது மதிப்பிட்ட விலையைவிட 50 ரூபாய் சேர்த்தே வாங்குங்கள். மீதியைத் திருப்பித் தருவது எளிது, பற்றாக்குறையை வசூல் செய்வதுதான் பகை. ஒரு அக்காவிடம் 38 ரூபாய் கேட்டு நான் மூன்றுமுறை போன் செய்திருக்கிறேன். அவர் தப்பு இல்லை, கேட்ட எனக்கே வெட்கமாகிவிட்டது.

எத்தனை மூட்டைக்குக் கீழே போனா இந்த வேலையே வேண்டாம்?

ஒரு காகிதத்தில் போட்டுவிடலாம். மூட்டைக்கு மாறாமல் வரும் செலவு ஒரு பக்கம்: மில் விலை 1,540, இரண்டு கூலி சேர்த்து 25, ஆக 1,565. கடை விலை 1,690. இடைவெளி 125. வண்டி வாடகை 2,430ஐ இந்த 125ஆல் வகுத்தால் 19.4 வரும். ஆகவே 19 மூட்டை வரை கடையே லாபம், இருபதாவது மூட்டையில்தான் நமக்குக் கொஞ்சம் மிஞ்ச ஆரம்பிக்கிறது. உங்கள் ஊர் வண்டி வாடகையையும் விலையையும் வைத்து இதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். வரும் எண்ணுக்கு மேல் ஐந்தாறு மூட்டை அதிகமாகச் சேர்ந்தால் மட்டும் மில்லுக்குப் போன் செய்யலாம்.

அப்ப நெறைய மூட்டை சேர்த்தா விலை இன்னும் எறங்கும்தானே?

ஓரளவுதான். ஒரு மில்லுக்கு முப்பது மூட்டை என்பது பெரிய வியாபாரமே இல்லை. அவர்கள் லாரி லாரியாக, பத்து டன் கணக்கில் ஏற்றி அனுப்புகிறவர்கள். நமக்கு 1,500க்குத் தருவது நம்மைக் கண்டு பயந்து இல்லை. மொத்தக் கடைக்காரருக்குக் கடன் சொல்லிக் கொடுப்பதை நமக்குக் கையில் காசுக்குக் கொடுக்கிறார்கள், அந்த வித்தியாசம்தான். அதனால் முப்பதை நாற்பது ஆக்கினால் விலை இன்னும் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு தடை வண்டி. குட்டியானை சுமார் முக்கால் டன் ஏற்றும். 28 மூட்டை என்றாலே 728 கிலோ. இருபத்தொன்பதாவது மூட்டைக்கு ஓட்டுநர் முகத்தைச் சுளிப்பார். முப்பத்தைந்துக்கு இன்னும் பெரிய வண்டி வேண்டும், வாடகை ஒரே தாவலாக ஏறும். எங்களுக்கு 25லிருந்து 28 வரைதான் சரியான எண்ணிக்கை. அதற்கு மேல் பணம் வந்தால் மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு எழுதிவைக்கிறோம்.

மொத்தக் கடையிலயே வாங்குனா என்னங்க? மில்லுக்கு ஏன் போகோணும்?

நல்ல கேள்வி. ரொம்பப் பேருக்கு மில் என்றாலே விலை அடிமட்டம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது.

நாங்கள் 23 மூட்டைக்கு ஒருமுறை ரங்கே கவுடர் வீதியில் விசாரித்தோம். அதே ரகம் 1,570 சொன்னார்கள். மில்லைவிட 30 ரூபாய் அதிகம். ஆனால் அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வண்டி வாடகை 600தான். மூட்டைக்கு 26 ரூபாய். கூலி 25 சேர்த்தால் 1,621. மில்லிலிருந்து வந்திருந்தால் 1,671 ஆகியிருக்கும். மூட்டைக்கு 50 ரூபாய் மொத்தக் கடையில் மிச்சம்.

காரணம் எளிது. மொத்தக் கடைக்காரர் ஒரு லாரியில் 400 மூட்டை இறக்குகிறார், அவருக்கு மூட்டைக்கு விழும் வாடகை ரொம்பச் சின்னது. நாம் 23 மூட்டைக்கு ஒரு வண்டியை 75 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். வண்டி நிறைந்தால் மில், நிறையாவிட்டால் மொத்தக் கடை. காங்கேயத்திலோ வெள்ளக்கோவிலிலோ தாராபுரம் பக்கமோ குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், மில்லுக்கு ஆட்டோவில்கூடப் போய்வரலாம்.

அதென்னங்க 26 கிலோ? முன்னெல்லாம் 25 கிலோதானே இருந்துச்சு?

2022 ஜூலை 18லிருந்து, பையில் அடைத்து விவரம் அச்சிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. இருபத்தைந்துக்கு மேல் போனால் அந்த வரி இல்லை. அதனால் மில்கள் ஒரு கிலோ சேர்த்து 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன.

நமக்கு இதில் உள்ள விஷயம் ஒன்றுதான். ஒரு இடத்தில் 25 கிலோ விலையும் இன்னொரு இடத்தில் 26 கிலோ விலையும் சொல்வார்கள். மூட்டை விலையைப் பார்த்தால் 25 கிலோ மலிவாகத் தெரியும். 25 கிலோ 1,600 என்றால் கிலோ 64 ரூபாய். 26 கிலோ 1,640 என்றால் 63 சொச்சம். குழுவில் விலை போடும்போது மூட்டை விலையோடு கிலோ விலையையும் பக்கத்தில் எழுதினால் பாதி வாக்குவாதம் தானாகக் குறையும்.

வண்டி வாடகையை வீட்டுக்கு இவ்வளவுன்னு சமமாப் பிரிச்சா சுலபமில்லைங்களா?

சுலபம்தான், நியாயமில்லை. 2,430ஐ 19 வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 128. ஒரே மூட்டை வாங்கிய வயதான தம்பதிக்கு மூட்டை 1,653 ஆகிறது. மூன்று மூட்டை வாங்கிய வீட்டுக்கு 1,568. சின்னக் குடும்பம் பெரிய குடும்பத்துக்கு வாடகை கட்டுகிற மாதிரி. எடைப்படி பிரியுங்கள்.

எண்ணெய் டின்னும் சேர்ந்து வந்தால் எடைக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு மாதம் எங்களுக்கு அரிசி 20 மூட்டைதான் சேர்ந்தது. அதே ஊர் எண்ணெய் ஆலையில் 14 டின் தேங்காய் எண்ணெயும் எடுத்தோம். அரிசி 520 கிலோ, டின் தகரத்தோடு 16 கிலோ வீதம் 224, மொத்தம் 744 கிலோ. கிலோவுக்கு வாடகை 3 ரூபாய் 27 காசு. மூட்டைக்கு 85, டின்னுக்கு 52. அரிசி மட்டும் வந்திருந்தால் மூட்டைக்கு 121 விழுந்திருக்கும். அரிசி குறைந்த மாதத்தில் எண்ணெயைச் சேர்ப்பது இதனால்தான்.

ஒரு ஆலையில டின் 2,700, இன்னொருத்தர் 2,550 சொல்றார். கம்மியா சொல்றவர்கிட்டயே வாங்கலாமுங்களா?

முதலில் டின்னில் 15 கிலோ என்று போட்டிருக்கிறதா, 15 லிட்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 910 கிராம்தான் வரும். அப்படியானால் 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டருக்குக் கிட்ட இருக்கும்.

இப்போது இரண்டு விலையையும் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். 2,700ஐ 15ஆல் வகுத்தால் கிலோ 180. 2,550ஐ 13.65ஆல் வகுத்தால் கிலோ ஏறக்குறைய 187. கம்மியாகச் சொன்னவர்தான் அதிக விலைக்காரர். டின் இரண்டும் பார்வைக்கு ஒரே உயரம்தான், அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விலை கேட்கும்போதே 'நிகர எடை எத்தனை கிலோ?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் எண்ணெய் விரியும், லிட்டர் கூடும். எடை அப்படியே இருக்கும்.

மரச்செக்கு எண்ணெய் கம்மி விலைக்குத் தர்றேங்கறாங்க. நம்பலாமுங்களா?

பருப்பு விலையைக் கேட்டுவிட்டு நம்புங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் செக்கில் ஆட்ட இரண்டேகால் கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 என்றால் பருப்புக்கே 270லிருந்து 300 வரை போய்விடும். புண்ணாக்கை மாட்டுத் தீவனத்துக்கு விற்று ஐம்பது ரூபாய்போல எடுக்கலாம். அப்புறம் ஆட்டுக்கூலி, கரண்டு, டப்பா. அந்தச் சமயத்தில் ஒருவர் 200 ரூபாய்க்குச் செக்கு எண்ணெய் என்றால், அதில் வேறு எண்ணெய் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். மொத்தமாக வாங்குவதால் பத்து ரூபாய் குறையலாம், எண்பது ரூபாய் குறையாது.

தேங்காய் எண்ணெய்க்குத் தேங்காய்ப் பருப்பு லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் போகும். நம் பக்கத்தில் இதைச் சரிபார்க்க நல்ல வசதி உண்டு. அவல்பூந்துறை, வெள்ளக்கோவில், பெருந்துறை என்று தேங்காய்ப் பருப்பு ஏலம் நடக்கிறது, அந்த விலை ஈரோடு, திருப்பூர் நாளிதழ்ப் பக்கங்களில் வந்துவிடும். ஏல விலையை ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள். 2025இல் தேங்காய்ப் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, லிட்டர் 250க்குத் 'தூய செக்கு எண்ணெய்' என்று ஒருவர் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். பருப்புக்கே 300 ஆகிறதே என்று கேட்டதும் நாளைக்கு வருகிறேன் என்று போனவர்தான்.

ஒரு டின்ன நாலு வீடு பிரிச்சுக்கலாமுங்களா?

நாங்கள் ஒருமுறை செய்து கைவிட்டோம். பார்க்கிங் தரையெல்லாம் எண்ணெய். புனல், பாத்திரம், ஈரம் என்று ஏதோ ஒன்று பட்டு, ஒரு வீட்டுப் பங்கு மட்டும் சீக்கிரம் சிக்கு வாடை அடித்தது. நான்கு பங்கும் சமமாக வரவே இல்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோனால் ஊற்றவே முடியாது.

அவசியம் பிரிக்க வேண்டுமானால் இரண்டு வீடாகப் பிரியுங்கள், காய்ந்த பாத்திரத்தில், தராசில் நிறுத்து. நாலு பேருக்கு வேண்டும் என்றால் ஆலையிலேயே 5 லிட்டர் கேனாகக் கேளுங்கள். கேன் விலை சேர்ந்து கிலோவுக்குக் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ஆலையில் மூடி முத்திரை வைத்த கேனில் ஆலை பெயரும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் இருக்கும். பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

சாம்பிள் ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னா யாரைக் கேக்கறது?

எங்களுக்கு இது நடந்தது. இரண்டாம் வருடம், மாசி மாதம். சாம்பிள் அரிசி வடித்துப் பார்த்தபோது சோறு உதிரியாக, அருமையாக வந்தது. 26 மூட்டை வந்து இறங்கியது. மறுநாள் காலையிலிருந்து போன்: 'சோறு குழையுதுங்க', 'கஞ்சி மாதிரி ஆகுதுங்க'. வந்தது புது அரிசி. சம்பா அறுவடை முடிந்து, தை மாசியில் டெல்டா நெல் மில்லுக்கு வரும் சமயம் அது. சாம்பிள் பழைய அரிசியில் கொடுத்துவிட்டு, லோடு புதிதில் ஏற்றிவிட்டார்கள்.

பழைய அரிசி லேசாக மஞ்சள் பாய்ந்திருக்கும், தண்ணீர் அதிகம் பிடிக்கும், சோறு கூடுதலாகக் காணும். புது அரிசி வெளுப்பாக இருக்கும், அதே அளவு தண்ணீரில் குழையும். புது அரிசி கெட்டது என்று இல்லை. விலை குறைவாக இருக்க வேண்டும், தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய அரிசி விலைக்குப் புது அரிசி கொடுத்ததுதான் தப்பு.

அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரு சின்னப் பொட்டலம். சாம்பிள் வாங்கும்போது கால் கிலோவை ஒரு கவரில் போட்டு, மில்காரரையே தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன். அதையும் வந்த அரிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினோம், பிறகு நேரில் போனோம். பிரிக்காத 11 மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பிரித்த மூட்டைக்கு 60 ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். திருப்பி அனுப்பிய வண்டி வாடகை எங்கள் தலையில்தான். முழு நியாயம் இல்லை, ஆனால் பொட்டலம் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது.

அதிலிருந்து லோடு வந்ததும், வண்டிக்காரர் கிளம்புவதற்கு முன்னாலேயே மூன்று வேலை செய்கிறோம். ஏதாவது மூன்று மூட்டையை எடுத்து நிறுப்போம். 300 கிராம் குறைந்தாலே 18 ரூபாய், நமக்கு மிஞ்சும் எழுபத்தைந்தில் கால் பங்கு அங்கேயே போய்விடுகிறது. தையல் அவிழ்த்துத் திரும்பத் தைத்த மாதிரி இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பிக் குருணை, கருப்பரிசி எவ்வளவு என்று சாம்பிளோடு ஒப்பிடுவோம். அதற்குள் மூணாவது மாடி அக்கா ஒரு டம்ளர் அரிசியைக் குக்கரில் வைத்துவிடுவார். வண்டிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் அந்த இருபது நிமிடம் நிற்பார்.

ஒருங்கிணைக்கறவங்க ஏதாவது எடுத்துக்கலாமுங்களா?

எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, சொல்லாமல் எடுத்துக்கொள்வதுதான் தப்பு. வியாழன் இரவு கணக்கு, சனிக்கிழமை போன், ஞாயிறு காலை மூன்று மணிநேரம் என்று உண்மையிலேயே வேலை இருக்கிறது. பக்கத்துக் குடியிருப்பில் மூட்டைக்கு ஐந்து ரூபாய் என்று முன்னாடியே எழுதி எடுத்துக்கொள்கிறார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் இடத்தில் நாங்கள் மூன்று பேர் மாதம் ஒருவராகச் செய்கிறோம், எதுவும் எடுப்பதில்லை. மில் பில், வண்டி ரசீது இரண்டின் படமும் குழுவில் போய்விடும்.

ஒருவரே வாங்கி வைத்து, லாபம் வைத்து, மாதாமாதம் விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம். அதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். சங்கத்தின் பராமரிப்புக் கணக்கில் இந்தப் பணத்தைப் போடாதீர்கள். வரவு செலவு கலந்துவிட்டால் வருடாந்திரக் கூட்டத்தில் அரிசி பேச்சே மூன்று மணிநேரம் ஓடும்.

வாட்ச்மேன் மூட்டையைத் தூக்கி மேலே கொண்டுவந்து தருவாருங்களா?

அவர் வேலை அது இல்லை. இறக்குக்கூலியில் லிப்ட் வாசல் வரைதான் சேர்ந்திருக்கிறது. தூக்க முடியாதவர்கள் முதலிலேயே சொன்னால், இறக்குகிறவர்களிடமே மூட்டைக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வீட்டுக்குள் வைக்கச் சொல்கிறோம்.

எனக்கு இட்லி அரிசிதான் வேணும், அதையும் சேர்த்துக்குவீங்களா?

சேர்த்துக்கொள்வோம். பெரும்பாலான மில்களில் ரகம் எதுவாக இருந்தாலும் மொத்த மூட்டை எண்ணிக்கைக்குத்தான் விலைப்படி, ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மில்லில் ஒரு ரகத்துக்குக் குறைந்தது ஐந்து மூட்டை என்று ஒரு நிபந்தனை உண்டு. இந்த மாதம் இட்லி அரிசி கேட்டவர்கள் மூன்று வீடு. இன்னும் இரண்டு மூட்டை சேர்ந்தால் வியாழன் எட்டரைக்கு உங்களுக்கும் விலை போட்டுவிடுவேன்.